கலைச்சொல் வேண்டும்: பெரிய துண்டுக்கு மட்டும் இணைப்பு

கேட்டவர் (கொக்குவில்):
வணக்கம். R மொழியில் வரைபடத் தரவைக் கையாளும் `sf` பொதியின் உதவிப் பக்கங்களைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். ஒரு காணிப் பல்கோணி, மண் வரைபடத்தின் மூன்று பல்கோணிகள் மேல் விழுந்தால், சாதாரண இடஞ்சார் இணைப்பில் அந்தக் காணி மூன்று வரிகளாகிவிடும். கீழே உள்ள கட்டளை ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளும். எதனோடு அதிக இடத்தைப் பகிர்கிறதோ அதை.

```r
st_join(kaani, man, largest = TRUE)
```

இதற்கு ‘பெரும்பான்மை இணைப்பு’ என்று எழுதியிருக்கிறேன். சரிதானா?

ஆசிரியர் (திருநெல்வேலி):
தம்பி, அந்தச் சொல் பொய் சொல்லும். சுன்னாகப் பக்கம் பத்துப் பரப்புக் காணி ஒன்று என்று வையுங்கள். அதில் நான்கு பரப்பு செம்மண். மீதி ஆறும் இருவாட்டி. ஆனால் மண் வரைபடத்தை வரைந்தவர் நடுவே போகும் ஒழுங்கையில் இருவாட்டியை வெட்டி, மூன்று மூன்று பரப்பாக இரண்டு பல்கோணிகள் ஆக்கிவிட்டார். கட்டளை என்ன விடை தரும்? செம்மண். மூன்றையும் நான்கையும் ஒப்பிட்டால் நான்குதானே பெரிது. அது மண் வகையைக் கூட்டிப் பார்ப்பதில்லை, தனித்தனிப் பல்கோணியைத்தான் பார்க்கிறது. பாதியைக்கூடத் தொடாத ஒன்றைப் பெரும்பான்மை என்றால், வாசிப்பவர் அந்தக் காணி பெரும்பாலும் செம்மண் என்று எழுதிவிட்டுப் போவார். என் மாணவர் ஒருவர் அப்படித்தான் எழுதினார். வரைபடத்தில் நிறம் போட்டுப் பார்க்கும்வரை எனக்கும் தெரியவில்லை.

வகைதான் வேண்டுமென்றால் `dplyr` பொதியையும் ஏற்றி, முதலில் ஒரே வகையை ஒன்றாக்க வேண்டும்:

```r
man2 <- man |> group_by(vakai) |> summarise()
st_join(kaani, man2, largest = TRUE)
```

இப்போது இருவாட்டி ஆறு, செம்மண் நான்கு. சொல்லுக்கு என் முன்மொழிவு: ‘மிகுபரப்பு இணைப்பு’.

நில அளவையாளர் (சாவகச்சேரி):
ஐயா, சென்னையில் வேண்டுமானால் எழுதுங்கள். இங்கே யாழ்ப்பாணத்தில் பரப்பு என்றால் பத்துப் பேர்ச். ‘மிகுபரப்பு’ என்று கண்டால் உறுதியில் உள்ளதைவிடக் காணி கூடிவிட்டது என்று ஒருவர் என்னைத் தேடி வருவார்.

இன்னொன்று. எல்லாவற்றையும் முதலில் மீற்றரில் அளக்கும் இலங்கை ஆள்கூற்று முறையான `EPSG:5235` தளத்துக்கு மாற்றாவிட்டால் விடை பிழைக்கும். பாகையில் பரப்பளவு காண முடியாது.

ஆசிரியர்:
பாதி சரி. அகலாங்குப் பாகையில் கணக்கிட்ட பரப்பளவை நானும் நம்பமாட்டேன். ஆனால் `sf` இப்போது பாகை ஆள்கூற்றைக் கோளத்தின் மேல் வைத்துச் சதுர மீற்றரில்தான் கணக்கிடுகிறது. பாகையிலேயே அளந்திருந்தாலும், ஒரு காணிக்குள் எல்லாத் துண்டும் ஒரே அளவில்தான் நெளியும். எது பெரியது என்பது மாறாது.

உங்கள் பயம் பலிக்கிற இடம் வேறு. அந்தக் கட்டளைக்குக் கீழெல்லை கிடையாது. கரையோரக் காணி ஒன்று மண் வரைபடத்துக்கு வெளியே நீண்டு, இரண்டு சதுர மீற்றர் மட்டும் மணலைத் தொட்டால், காணி முழுதும் மணல் என்று பதியும். போட்டியில் நின்றது அது ஒன்றுதான். அதைப் பிடிக்க, வெட்டிய துண்டின் பரப்பளவைக் காணியின் பரப்பளவால் வகுத்து இன்னொரு நிரலில் வைத்திருக்க வேண்டும்.

வாசகர் (மானிப்பாய்):
எங்கள் வளவும் பக்கத்து வளவும் வேலியடியில் ஒன்றன்மேல் ஒன்று விழுவதாக இரண்டு வரைபடங்கள் காட்டுகின்றன. பெரிய துண்டு எங்கள் பக்கம். இந்தக் கட்டளையால் அது எங்களுடையது என்று காட்டலாமா?

நில அளவையாளர்:
முடியாது அம்மா. எந்தப் பெயரை எந்தக் காணியோடு ஒட்டுவது என்பதை மட்டும்தான் இது பார்க்கும். உறுதிகளையும் வரைபடங்களையும் எடுத்துக்கொண்டு ஒரு நில அளவையாளரிடம் போங்கள்.

சொல்லுக்கு வருகிறேன். ‘தலைப்பங்கு இணைப்பு’ எப்படி? பங்குகளில் முதலாவது என்பதுதான் பொருள். பாதிக்கு மேல் என்று யாரும் எண்ணமாட்டார்கள்.

ஆசிரியர்:
அழகான சொல். ஆனால் முதுசம் பிரித்து மூத்த பிள்ளைக்குக் கொடுத்தது போல் ஒலிக்கிறதே! ‘மிகுகவிவு இணைப்பு’ என்றால் என்ன? கவிவு என்பது ஒன்றன்மேல் ஒன்று விழுவதற்கு ஏற்கெனவே நாம் வைத்திருக்கும் சொல்.

கேட்டவர்:
கவிவதென்றால் ஒன்று மேலே, ஒன்று கீழே என்றாகாதா? இங்கே இரண்டும் சமம். எனக்குத் தலைப்பங்கு பிடித்திருக்கிறது. ஆனாலும் கோப்பில் இப்போதைக்கு ‘மிகுகவிவு இணைப்பு’ என்றே இடுகிறேன். அதன் கீழே சுன்னாகக் காணியையும் எடுத்துக்காட்டாக வைக்கிறேன். ஒரே வகைப் பல்கோணிகளை ஒன்றாக்குவதற்கு ‘கரைத்தல்’ என்று எழுதிவிட்டேன். அதற்கும் எதிர்ப்பு இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள்.

நில அளவையாளர்:
கரைப்பதா? எல்லை மட்டும்தானே அழிகிறது, மண் அப்படியே இருக்கிறது. நாளை எழுதுகிறேன்.