சந்தேகம்: சரக்கு விவரத்துக்குள் இருக்கும் எடையை மட்டும் தனி எண்ணாக எடுப்பது எப்படி?

நெற்கதிர்

எங்கள் மளிகைக் கடையின் சரக்குப் பட்டியல் கூகுள் ஷீட்ஸில் இருக்கிறது. ஏறக்குறைய 1,400 வரிகள். அப்பா, சித்தப்பா, கடைப் பையன்கள் என்று ஆளாளுக்குத் தங்கள் வழக்கப்படி தட்டிச் சேர்த்தது. பெயர், ரகம், எடை எல்லாம் ஒரே கட்டத்தில் கிடக்கின்றன. எந்தச் சரக்கு கிலோ என்ன விலைக்கு விழுகிறது என்று பார்க்க எடை தனியாக வேண்டும். மாதிரிக்குச் சில வரிகள்:

```
BPT 5204 பொன்னி 25kg
BPT 5204 Gold 25 KG
துவரம் பருப்பு 500 கிராம்
ADT 43 குருணை 1/2 கிலோ
சேமியா 12 x 75g
சர்க்கரை 1,000 g
```

நான் போட்டுப் பார்த்த சூத்திரம்:

```
=REGEXEXTRACT(A2,"\d+")
```

பருப்புக்கு 500 சரியாக வந்தது. பொன்னி அரிசிக்கெல்லாம் 5204 வருகிறது. வந்த எண்களைக் கூட்டினால் விடை 0. எங்கே தவறு செய்கிறேன்?

விரைவுக்கணக்கு

இதற்குச் சூத்திரமே வேண்டாம். பட்டியலை எக்செல்லுக்குக் கொண்டுபோய், பக்கத்துக் கட்டத்தில் முதல் இரண்டு வரிகளுக்கு எடையைக் கையால் எழுதிவிட்டு Ctrl+E அழுத்துங்கள். மீதியை அதுவே நிரப்பிவிடும். என் ரசீதுப் பட்டியலை அப்படித்தான் முடித்தேன்.

நெற்கதிர்

செய்து பார்த்தேன். வரிசையாக 25 கிலோ மூட்டைகள் இருந்த இடத்தில் சரியாக வந்தது. பருப்பு வகைகளில் பாதி தவறு. அதோடு, விவரத்தை நான் திருத்தினாலும் எடுத்துவைத்த எண் மாறவில்லை. எங்கள் பட்டியலில் வாரம்தோறும் புதுச் சரக்கு ஏறும்.

பேரேடு

Ctrl+E ஒரே மாதிரி எழுதப்பட்ட பட்டியலுக்குத்தான் பொருந்தும். அது நிரப்பிவைப்பது வெறும் மதிப்பு என்பதால் பிறகு மாறாது.

உங்கள் சூத்திரம் "எண் எங்கே இருக்கிறது" என்று தேடுகிறது. முதலில் கண்ணில் பட்டதை எடுக்கிறது. 5204 என்பது நெல் ரகத்தின் எண், ஏடிடி 43-இல் வரும் 43-உம் அப்படித்தான். அலகைத் தேடி, அதற்கு முன்னால் ஒட்டியிருக்கும் எண்ணை எடுக்கச் சொல்ல வேண்டும். கூட்டல் 0 வந்ததற்குக் காரணம் வேறு. REGEXEXTRACT தருவது எண்ணல்ல, எண் போலத் தெரியும் எழுத்து. கட்டத்தில் அது இடப்பக்கம் ஒட்டி நிற்பதைப் பார்த்தாலே தெரியும். VALUE போட்டால்தான் எண்ணாகும்.

விரைவுக்கணக்கு

அப்படியானால் அலகையும் சேர்த்து, அதன் முடிவில் சொல் எல்லைக்கான `\b` போட்டால் முடிந்தது:

```
=REGEXEXTRACT(A2,"(?i)(\d+)\s*(kg|g|கிலோ|கிராம்)\b")
```

நெற்கதிர்

25kg வந்துவிட்டது. ஆனால் "500 கிராம்" என்று தமிழில் எழுதிய வரிகள் எல்லாம் #N/A. `\b`-ஐ எடுத்துவிட்டால் அவை வருகின்றன; "BPT 5204 Gold" மறுபடியும் 5204 ஆகிவிடுகிறது!

பேரேடு

இரண்டுக்கும் காரணம் உண்டு. கூகுள் ஷீட்ஸில் `\b` ஆங்கில எழுத்து, இலக்கம், அடிக்கோடு ஆகியவற்றைத்தான் சொல்லின் பகுதியாக எண்ணுகிறது. தமிழ் எழுத்து அதன் கணக்கில் சொல்லே இல்லை. ஆகவே "கிராம்" முடியும் இடத்தில் அதற்கு எல்லை தெரிவதில்லை. `\b` இல்லாதபோது 5204-க்கு அடுத்து வரும் Gold-இன் முதல் எழுத்தைக் கிராம் என்று எடுத்துக்கொள்கிறது. "அலகுக்குப் பின்னால் ஆங்கில எழுத்து வரக்கூடாது" என்று நேராகச் சொல்லிவிடுங்கள்:

```
=REGEXEXTRACT(SUBSTITUTE(A2,",",""),"(?i)(\d+(?:\.\d+)?)\s*(kgs?|gms?|g|கிலோ|கிராம்)(?:[^a-z]|$)")
```

இதை B2-இல் போட்டால் எண் B-யிலும் அலகு C-யிலும் விழும். SUBSTITUTE எதற்கு என்றால், "1,000 g" வரியில் காற்புள்ளி இருந்தால் அதற்குப் பின்னால் உள்ள 000 மட்டும் சிக்கிச் சர்க்கரையின் எடை 0 ஆகிவிடும். எல்லாவற்றையும் கிராமுக்குக் கொண்டுவர, D2-இல்:

```
=VALUE(B2)*IF(REGEXMATCH(C2,"(?i)^(kg|கிலோ)"),1000,1)
```

சேமியாவின் 12-ஐ இதற்குள் திணிக்காதீர்கள். தனிக் கட்டத்தில் எடுத்துப் பெருக்குங்கள். பெருக்கல் குறி இல்லாத வரிக்கு 1 என்று விழும்:

```
=IFERROR(VALUE(REGEXEXTRACT(A2,"(?i)(\d+)\s*[x×*]\s*\d")),1)
```

12 × 75, ஆக 900 கிராம்.

செக்கடி

நான் எண்ணெய் வியாபாரம் செய்கிறேன். இதே சூத்திரத்தில் லிட்டரையும் சேர்த்து 1000-ஆல் பெருக்கினால் எல்லாம் கிராமாகிவிடுமா?

பேரேடு

ஆகாது, ஐயா. ஒரு லிட்டர் கடலை எண்ணெய் ஏறக்குறைய 910 கிராம்தான். லிட்டர் சரக்குக்குத் தனிக் கட்டம் வைத்து மில்லிலிட்டரில் எழுதுங்கள். கிலோவோடு கலந்தால் கூட்டுத்தொகை பார்வைக்கு ஒழுங்காக இருக்கும், உள்ளே பிழை இருக்கும்.

நெற்கதிர்

எல்லாம் வந்துவிட்டது என்று நினைத்த நேரத்தில் ஒன்று கண்ணில் பட்டது. "ADT 43 குருணை 1/2 கிலோ" வரிக்கு 2000 கிராம் என்று வந்திருக்கிறது. அரைக் கிலோ இரண்டு கிலோ ஆகிவிட்டது!

பேரேடு

இந்த வகைப் பிழைக்குத்தான் நான் மிகவும் அஞ்சுவேன். #N/A வந்தால் கண்ணில் படும். தவறான எண் சத்தமில்லாமல் உட்கார்ந்துவிடும். "1/2"-ஐ "0.5" என்று மாற்றலாம்தான், ஆனால் எங்காவது "1 1/2 கிலோ" இருந்தால் அது 0.5 ஆகிவிடும். பின்னம் உள்ள வரிகளைத் தனியே பிரித்துக் கையால் திருத்துவதே நல்லது:

```
=REGEXMATCH(A2,"[/½¼¾]")
```

அதன் பிறகு விலையைக் கிலோ எடையால் வகுத்து, அந்தக் கட்டத்தை வரிசைப்படுத்தி இரு முனைகளையும் பாருங்கள். உங்கள் அரைக் கிலோ குருணை 18 ரூபாய் என்றால் கிலோ 36 ரூபாய். எடை 2 கிலோ என்று பதிவானால் கிலோ 9 ரூபாய் என்று பட்டியலின் அடிமட்டத்தில் போய் நிற்கும். 9 ரூபாய்க்கு எங்கே குருணை கிடைக்கிறது?

நெற்கதிர்

பின்னம் உள்ளவை 37 வரிகள், திருத்திவிட்டேன். வரிசைப்படுத்தியதில் "100 g + 20 g" என்று எழுதிய இரண்டு வரிகளும் அகப்பட்டன. முதல் 100 மட்டும் வந்திருந்தது.

மிச்சம் #N/A நிற்பவை பெரும்பாலும் சித்தப்பா எழுதியவை. "வெல்லம் 5 கி", "கசகசா 50 கி" என்று இருக்கின்றன. ஒன்றில் கிலோ, மற்றதில் கிராம்.

விரைவுக்கணக்கு

10-க்குக் குறைவாக இருந்தால் கிலோ, அதற்கு மேல் கிராம் என்று ஒரு விதி வைத்துவிடலாமே?

நெற்கதிர்

அதே பட்டியலில் "ஏலக்காய் 5 கி" என்று ஒரு வரியும் இருக்கிறது.

பேரேடு

அதற்குச் சூத்திரம் எழுத எனக்குத் தெரியவில்லை. விலைக் கட்டத்தை வைத்துப் பாதியைப் பிரிக்கலாம். மீதிக்குச் சித்தப்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேளுங்கள்.

நெற்கதிர்

ஞாயிறு மதியம் கடை சாத்திய பிறகு அவரிடம் பட்டியலோடு உட்காரப்போகிறேன். 64 வரிகள் இருக்கின்றன.