நேரக்கட்டுப்பாட்டுத் தேர்வில் ஹீப்பா, டெக்கா?

அண்ணன்மாரே, அக்காமாரே, வணக்கம். நேற்றிரவு உட்லண்ட்ஸ் வீட்டில் இணைய நிரல் தேர்வு எழுதினேன். 2,00,000 எண்கள், அடுத்தடுத்த 50,000 எண்கள் கொண்ட ஒவ்வொரு சாளரத்திலும் பெரிய எண்ணைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் `max` போட்டதில் சுமார் 750 கோடி ஒப்பீடுகள், நேரம் முடிந்துவிட்டது.

என் சரிபார்ப்பு இதுதான்: முதலில் உள்ளீட்டின் அளவு, பிறகு திரும்பத் திரும்பச் செய்யும் வேலை. 'முன்பே வந்ததா' என்றால் ஹேஷ் அட்டவணை, 'எது பெரியது' என்றால் ஹீப். ஆனால் இங்கே சாளரத்தை விட்டு வெளியேறும் எண் ஹீப்பின் நடுவில் சிக்கிக்கொள்கிறது. எண்ணோடு அதன் இடத்தையும் வைத்து, உச்சிக்கு வரும்போது பழையதைத் தள்ளலாம் என்பது தேர்வு முடிந்த பிறகே புரிந்தது. டெக்கில் புதிய எண்ணைவிடச் சிறியவற்றைப் பின்னாலிருந்து நீக்கிவந்தால் இன்னும் வேகம்.

'பழையது வெளியேறுகிறதா' என்பதை மூன்றாம் கேள்வியாக்கி, ஆம் என்றால் டெக் என முடிவெடுக்கலாமா? இடைநிலை எண்ணைக் கேட்டால் அது உதவாது, வேறெங்கே தவறும்? சனிக்கிழமை அடுத்த தேர்வு, தயவுசெய்து சொல்லுங்கள்.