உதவி: நான்கு மாத வாடகை பாக்கி, குடியிருப்பவர் காலி செய்ய மறுக்கிறார். பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது பூட்டை மாற்றலாமா?

கொளத்தூர் மாடிவீடு எழுதியது:

வணக்கம். கொளத்தூரில் எங்கள் வீட்டின் முதல் மாடியை 14,000 ரூபாய் வாடகைக்கு விட்டிருக்கிறோம். கீழே என் அம்மா தனியாக இருக்கிறார். முன்பணம் ஒரு லட்சம். 2023 ஏப்ரலில் இருபது ரூபாய் முத்திரைத்தாளில் 11 மாத ஒப்பந்தம் போட்டோம். எங்கும் பதியவில்லை, அதன் பிறகு புதுப்பிக்கவும் இல்லை. ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதிக்குள் வாடகை தர வேண்டும் என்பது பேச்சு. ஆகஸ்ட் வரை ஒழுங்காகத் தந்தார். செப்டம்பர் முதல் டிசம்பர் வரை ஒரு ரூபாய் வரவில்லை. கேட்டால் "முன்பணத்தில் கழித்துக்கொள்ளுங்கள்" என்கிறார். காலி செய்யச் சொன்னால் கதவைச் சாத்துகிறார்.

பொங்கலுக்கு அவர்கள் திருநெல்வேலி போகிறார்கள். அந்த ஐந்து நாளில் பூட்டை மாற்றிவிடு, சாமான்களை ஓரமாக அடுக்கி வைத்துவிட்டு வந்து எடுத்துக்கொள்ளச் சொல் என்கிறார் என் அண்ணன். புதுப் பூட்டும் வாங்கி வந்துவிட்டார். வீடு எங்கள் பெயரில் இருக்கிறது, பத்திரம் இருக்கிறது, பட்டா இருக்கிறது. இதில் என்ன தவறு?

அண்ணாநகர் வாசகர்:

அக்கா, பயப்படவே வேண்டாம். 15 நாள் நோட்டீஸ் ஒன்று அனுப்புங்கள். பதினாறாவது நாள் அவர் வெறும் அத்துமீறிக் குடியிருப்பவர்தான், பூட்டிவிடலாம். நான்கு மாத பாக்கி என்பது வேண்டுமென்றே வாடகை தராதது. 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் அது ஒன்றே போதும்.

ஓய்வுபெற்ற கோர்ட் குமாஸ்தா:

மேலே எழுதிய தம்பிக்குப் பாதி சரி, பாதி தவறு. 15 நாள் என்பது சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 106-ஆம் பிரிவில் உள்ள கணக்கு. மாதவாடகைக் குடியிருப்பை முடித்துக்கொள்வதாக அறிவிக்க அது போதும். ஆனால் குத்தகை முடிந்துவிட்டது என்று அறிவிப்பது வேறு, வீட்டைச் சுவாதீனம் எடுப்பது வேறு. முதல் வேலையை நோட்டீஸ் செய்யும். இரண்டாவதை நீதிமன்ற உத்தரவின் பேரில் அமீனாதான் செய்ய முடியும். 1960 சட்டமும் இப்போது இல்லை. 2017-இல் இயற்றிய புதிய சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் அதன் இடத்தில் இருக்கிறது.

அம்மா, "பத்திரம் இருக்கிறதே" என்கிறீர்கள். அந்த வாதம் எடுபடாத இடம் ஒன்று உண்டு. குறிப்பிட்ட பரிகாரச் சட்டம் 1963, பிரிவு 6. சட்டப்படி அல்லாமல் வெளியேற்றப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டால், நீதிமன்றம் பார்ப்பது இரண்டே விஷயங்களைத்தான். அவர் குடியிருந்தாரா? சம்மதமில்லாமல், சட்ட வழியில் அல்லாமல் வெளியேற்றினீர்களா? யாருடைய வீடு என்ற கேள்வியே அங்கே எழாது. அந்தத் தீர்ப்பின் மேல் அப்பீலும் கிடையாது. வாடகை தராதவரை உங்கள் கையாலேயே மறுபடி உள்ளே அழைத்து உட்கார வைக்க வேண்டி வரும்.

நான் சிறு வழக்குகள் நீதிமன்றத்தில் இருந்தபோது பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். அயனாவரத்துக்காரர் ஒருவர் உங்கள் அண்ணன் சொன்னதை அப்படியே செய்தார். குடியிருந்தவர் திருவிழாவுக்குப் போயிருந்தார். திரும்பி வந்து பூட்டைப் பார்த்தவர் சத்தமே போடவில்லை. நேராகக் காவல் நிலையம் போய் ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்தார்: பீரோவில் 12 பவுன், கைப்பணம் 40,000, மகனின் மதிப்பெண் சான்றிதழ்கள். உள்ளே உண்மையில் என்ன இருந்தது என்று யாருக்குத் தெரியும்? பூட்டு வீட்டுக்காரர் கையில். சாமான்களை எடுத்து அடுக்கியதும் அவரே. இல்லை என்று நிரூபிக்க அவரிடம் ஒரு துண்டுக் காகிதம் கூட இல்லை. அத்துமீறல், திருட்டு என்று வழக்கு வந்தது. ஜாமீனுக்கு அலைந்தார். கடைசியில் அந்தப் புகாரைத் திரும்பப் பெற வைக்கவே மூன்று மாத வாடகையை விட்டுக்கொடுத்தார். அதற்குப் பிறகும் குடியிருந்தவர் அதே வீட்டில்தான் இருந்தார்.

பெரம்பூர் பெண்:

நான் மறுபக்கம் நின்றவள். வீட்டுக்காரர் என் பியூஸ் கேரியரைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார், மோட்டார் அறைக்கும் பூட்டு. சித்திரை வெயிலில் கைக்குழந்தையோடு இரண்டு நாள். வாடகை ஒரு மாதம்தான் தாமதம். உங்கள் குடித்தனக்காரர் வேலை இழந்திருக்கிறாரா என்று முதலில் விசாரியுங்கள். யாரும் ஆசைப்பட்டு வாடகை தராமல் இருப்பதில்லை.

கொளத்தூர் மாடிவீடு:

அக்கா, விசாரித்தேன். இரண்டு மாதத்துக்கு முன்புதான் புது இருசக்கர வாகனம் வாங்கியிருக்கிறார். ஆனால் மின்சாரம், தண்ணீர் பக்கம் நான் போகமாட்டேன். அது மட்டும் எனக்கே சரியாகப் படவில்லை.

ஓய்வுபெற்ற கோர்ட் குமாஸ்தா:

நல்லது. மின்சாரத்தையும் தண்ணீரையும் நிறுத்தக் கூடாது என்று புதிய சட்டத்தின் 20-ஆம் பிரிவே சொல்கிறது. குடியிருப்பவர் வாடகை அதிகாரியிடம் மனு கொடுத்தால், விசாரணை முடியும் முன்பே இணைப்பைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி உத்தரவு வரலாம். பாக்கிக்காக நீங்கள் புகார் கொடுக்கப் போன இடத்தில் நீங்களே எதிர்மனுதாரராக நிற்பீர்கள்.

வியாசர்பாடி வக்கீல்:

இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். உங்களுக்கு எல்லாமே அந்த நோட்டீஸில்தான் இருக்கிறது, அதனால் அதில் கொஞ்சம் நிற்கிறேன்.

இரண்டு மாத வாடகை பாக்கி நின்றால் வீட்டைத் திரும்பக் கேட்கலாம். ஆனால் முதலில் பாக்கியைக் கேட்டு எழுத்தில் நோட்டீஸ் தர வேண்டும். அது அவர் கைக்குப் போன நாளிலிருந்து ஒரு மாத அவகாசம். நீங்கள் தட்டச்சு செய்த நாளிலிருந்து அல்ல. பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள். ஜனவரி 8-இல் அவருக்குக் கிடைத்தால், பிப்ரவரி 8 கழிந்த பிறகே மனு. அதற்கு முன் போட்டால் அவசரப்பட்டதாகச் சொல்லித் தள்ளிவிடுவார்கள்.

தொகையை ஒரு ரூபாய் கூடப் பெருக்கிக் காட்டாதீர்கள். செப்டம்பர் முதல் டிசம்பர் வரை 56,000. ஜனவரி 5 கழிந்து எழுதினால் அந்த மாதமும் சேர்ந்து 70,000. மாதவாரியாகப் போடுங்கள். சுவரில் ஆணி அடித்தார், குழாயை உடைத்தார் என்று தொகை சேர்த்தால், முழுத் தொகையையும் அவர் கேள்விக்குள்ளாக்குவார். முன்பணம் பற்றியும் ஒரு வரி கட்டாயம் எழுதுங்கள்: அது வாடகை அல்ல, வீட்டை ஒப்படைக்கும் நாளில் பாக்கியைக் கழித்துத் திருப்பித் தருவோம் என்று. இல்லாவிட்டால் "ஒரு லட்சம் உங்களிடம் இருக்கிறதே, பாக்கி எங்கே?" என்பதுதான் அவருடைய முதல் பதிலாக இருக்கும்.

ஒரு சிக்கல் உண்டு, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அந்த ஒரு மாதத்துக்குள் அவர் பாக்கியை வட்டியோடு கட்டிவிட்டால், பாக்கி என்ற காரணம் அந்த முறைக்குப் போய்விடும். அடுத்த ஓராண்டில் தொடர்ந்து இரண்டு மாதம் தவறினால் அந்தச் சலுகை மறுபடி கிடைக்காது. அதனால் அதே நோட்டீஸில் குத்தகையையும் முடித்துக்கொள்வதாக எழுதுங்கள். 15 நாளுக்குக் குறையக் கூடாது, ஒரு மாதமாகவே கொடுத்துவிடுங்கள்.

அண்ணாநகர் வாசகர்:

ஒப்பந்தம் பதியாததே ஒரு காரணமாகும் என்று கேள்விப்பட்டேனே?

வியாசர்பாடி வக்கீல்:

ஆம், சட்டப்படி ஒப்பந்தம் செய்துகொள்ளாததே வெளியேற்றக் காரணம் என்று 21-ஆம் பிரிவு சொல்கிறது. வாடகை நீதிமன்றத்தில் அதன் பேரிலும் மனு போடுகிறார்கள். ஆனால் பதியாமல் விட்டதில் வீட்டுக்காரருக்கும் பங்கு உண்டே என்று எதிர்த்தரப்பு வாதிடும். 2019-க்குப் பின் தொடங்கிய, பதியப்படாத குடித்தனங்களுக்கு வாடகை நீதிமன்றமா, உரிமையியல் நீதிமன்றமா என்பதில் வக்கீல்களிடையே ஒரே கருத்து இல்லை. உங்கள் ஆவணங்களைக் கையில் பிடித்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும். எங்கே போவதானாலும் மேலே சொன்ன நோட்டீஸ் பயன்படும்.

சௌகார்பேட்டை கடைக்காரர்:

என் கடை வாடகையை மூன்று வருடமாக ஏற்றவில்லை, ஐம்பது சதவீதம் ஏற்றலாமா? இதே சட்டம்தானே?

ஓய்வுபெற்ற கோர்ட் குமாஸ்தா:

ஐயா, அது வேறு கதை, தனியாகக் கேளுங்கள். அம்மாவுக்கு இன்னொன்று. நோட்டீஸுக்குப் பிறகு அவர் திடீரென ஒரு மாத வாடகையைக் கைபேசியில் அனுப்பினால், சும்மா வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள். குத்தகை தொடர்வதாக நீங்களே ஒப்புக்கொண்டதாகக் காட்டுவார்கள். "பழைய பாக்கியில் வரவு வைத்துக்கொள்கிறோம், நோட்டீஸ் நிலைக்கிறது" என்று அன்றே எழுதி அனுப்புங்கள்.

உத்தரவு வாங்கினாலும் கதவு தானாகத் திறக்காது. நிறைவேற்று மனு போட வேண்டும். அமீனா வருவார். உள்ளே தாழிட்டால் பூட்டை உடைக்கவும் காவல் துணைக்கும் தனி உத்தரவு. சாமான்களை எழுதி, கையெழுத்து வாங்கி, சாவியைத் தருவார்கள். அயனாவரத்துக்காரரிடம் இல்லாத அந்தப் பட்டியல், இந்த வழியில் உங்களுக்குக் கிடைக்கிறது.

கொளத்தூர் மாடிவீடு:

அண்ணனுக்கு இதையெல்லாம் படித்துக் காட்டினேன். பத்து நிமிடம் பேசவில்லை. வழக்கு எவ்வளவு நாளாகும் என்று யோசித்தால் எனக்குத் தலை சுற்றுகிறது. பேசி முடிக்க வழி உண்டா? அவர் மகன் பத்தாம் வகுப்பு, பொதுத்தேர்வு முடியட்டும் என்கிறார்.

வியாசர்பாடி வக்கீல்:

உண்டு, நோட்டீஸ் போய்ச் சேர்ந்த பிறகு பேசினால் பேச்சுக்கு எடை இருக்கும். ஜனவரி வரை பாக்கி 70,000, முன்பணத்தில் மீதி 30,000. காலி செய்யும் நாள்வரை கூடும் ஒவ்வொரு மாத வாடகையும் அந்த மீதியிலிருந்துதான் போகும். தேர்வு முடியும்வரை என்றால் பிப்ரவரி, மார்ச், ஏப்ரல் சேர்ந்து 42,000, ஒரு லட்சத்தைத் தாண்டி 12,000 பாக்கி வரும். அதையும் தொடரும் வாடகையையும் யார் எப்போது தருவது, எந்தத் தேதியில் காலி என்று இருவரும் கையெழுத்திட்டு எழுதுங்கள். மீதி ஏதேனும் திருப்பித் தர வேண்டி வந்தால், சாவி கைக்கு வரும் அதே நிமிடத்தில் கொடுங்கள், முன்னால் அல்ல. "காலியாக ஒப்படைத்தேன்" என்று தேதியுடன் ஒரு கடிதம் வாங்கிவிடுங்கள்.

கொளத்தூர் மாடிவீடு:

ஒரே சந்தேகம். இப்போது அனுப்பினால் பொங்கலுக்கு அவர்கள் ஊரில் இருப்பார்கள். தபால் "கதவு பூட்டப்பட்டுள்ளது" என்று திரும்பிவிட்டால் அந்த ஒரு மாதம் எங்கிருந்து தொடங்கும்?

ஓய்வுபெற்ற கோர்ட் குமாஸ்தா:

அதனால்தான் அவசரப்பட வேண்டாம் என்கிறேன். வாங்க மறுத்தார் என்று திரும்பினால் சேர்ந்ததாகவே கொள்ளலாம், ஆளே இல்லாமல் திரும்பினால் அதையே பிடித்து வாதாடுவார்கள். அவர்கள் திரும்பிய மறுநாள் ஒப்புகையுடன் ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். அன்றே ஒரு பிரதியை நேரிலும் கொடுங்கள். வாங்காவிட்டால் கதவில் ஒட்டி, அக்கம்பக்கத்து இருவரை வைத்துத் தேதி தெரியும்படி படம் எடுங்கள். திரும்பிய கவரைப் பிரிக்காமல் அப்படியே வைத்திருங்கள்.