அப்பாவுக்கு ஐ.சி.யூ.ல பெரிய மருந்த நிறுத்திட்டு சின்ன மருந்து போட்டுட்டாங்க, இது சரியா?

பீடோர்_பொண்ணு:
எல்லாருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 58 வயசு, செம்பனை குலை ஏத்துற லோரி ஓட்டுவாரு. ஸ்ட்ரோக் வந்து பெரிய ஆஸ்பத்திரி ஐ.சி.யூ.ல டியூப் போட்டு மெஷின்ல இருக்காரு. 6வது நாள் காய்ச்சல், சளி மஞ்சளா கெட்டியா வருது, எக்ஸ்ரேல புது நிழல், நிமோனியான்னு சொல்லி மெரோபெனம், வேன்கோமைசின்னு ரெண்டு பெரிய மருந்து போட்டாங்க. 3 நாள்ல காய்ச்சல் இறங்குச்சு. இன்னிக்குப் போய் பாத்தா ரெண்டையும் நிறுத்திட்டு க்ளோக்சசிலின் மட்டும் ஓடுது. அது எங்க எஸ்டேட் கிளினிக்ல கொப்புளத்துக்கு குடுக்குற கேப்சூல்தானே? காசு மிச்சம் பண்றாங்களா?

பழைய_எச்ஏ:
பொண்ணு, நான் எஸ்டேட் டிஸ்பென்சரில 30 வருஷத்துக்கு மேல எச்.ஏ.வா இருந்தவன். ஐ.சி.யூ. நிமோனியா சும்மா இல்ல, முதல் டோஸே நல்லா அடிக்கணும், லேட்டானா ஆளு போயிடுவான், அதுல அவங்க செஞ்சது சரி. ஆனா அடிச்சு கேக்குற மருந்த பாதியில மாத்துறது தப்பு. ஆரம்பிச்ச மருந்த கோர்ஸ் முடியற வரைக்கும் குடுக்கணும், இல்லாட்டி கிருமி பழகிடும். இதத்தான் எங்களுக்கு சொல்லிக் குடுத்தாங்க. நாளைக்கே போயி ஸ்பெஷலிஸ்ட்ட கேளு, விடாத.

மிஸ்ஸி_கலா:
எச்.ஏ. ஐயா, கொஞ்சம் பொறுங்க. தங்கச்சி, சண்டைக்குப் போறதுக்கு முன்னாடி மிஸ்ஸிகிட்ட ரெண்டு விஷயம் மட்டும் கேளு. சளி கல்ச்சர் முதல் டோஸுக்கு முன்னாடி எடுத்தாங்களா, அதுல என்ன வளந்துச்சு? நான் ஐ.சி.யூ.ல 11 வருஷம் வேல செய்யறேன், இந்த ரெண்டுக்கும் பதில் தெரியாம யாரும் எதுவும் சொல்ல முடியாது.

குட்டியப்பன்:
எங்கம்மாவுக்கும் போன தீபாவளிக்கு நிமோனியா. டவுன் கிளினிக்ல அமோக்சிசிலின் குடுத்து 5 நாள்ல நல்லாயிட்டாங்க. அதனால சின்ன மருந்துன்னு பயப்படாதீங்க, இந்த ஆஸ்பத்திரிகாரங்க எடுத்த எடுப்புலயே மெரோபெனம் போட்டதுதான் எனக்கு அநியாயமா தெரியுது.

மிஸ்ஸி_கலா:
அண்ணா, உங்கம்மாவுக்கு வந்தது வீட்டுல வர்ற நிமோனியா. இவங்கப்பா டியூப் போட்டு 48 மணி நேரம் தாண்டினவரு, அவர சுத்தி இருக்கிற கிருமி வேற. எங்க பெட்டு கம்பியில உக்காந்திருக்கிற அசினெட்டோபேக்டர் உங்க வீட்டு அடுப்பங்கரையில இருக்காதுல்ல.

பீடோர்_பொண்ணு:
கேட்டேன் அக்கா. முதல் டோஸுக்கு முன்னாடி டியூப் வழியா சளி எடுத்தாங்களாம். ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் மட்டும் நிறைய வளந்திருக்கு, எம்.எஸ்.எஸ்.ஏ.ன்னு எழுதியிருக்காங்க. ரத்தம் எடுத்தது இன்னும் ஒண்ணும் வளரலயாம். அட்மிட் ஆன அன்னிக்கு செஃப்ட்ரியாக்சோன் ஊசியும் ரெண்டு நாள் போட்டிருக்காங்க.

மருந்தறை_பாலன்:
நான் ஆஸ்பத்திரி பார்மசிஸ்ட். இப்ப கத தெளிவா இருக்கு. எச்.ஏ. அண்ணே, எம்.எஸ்.எஸ்.ஏ.ன்னா க்ளோக்சசிலினுக்கு அடங்குற ஸ்டாஃப். அதுக்கு வேன்கோமைசின விட க்ளோக்சசிலின்தான் நல்ல மருந்து, வேன்கோ அத மெதுவாத்தான் கொல்லும், நுரையீரலுக்குள்ளயும் சரியா போய் சேராது. அப்புறம் கேப்சூல் கணக்கு வேற, இங்க ஓடுறது ஊசி. 2 கிராம், 4 மணிக்கு ஒரு தடவயோ 6 மணிக்கு ஒரு தடவயோ நரம்புல போகும். கொப்புளத்துக்கு குடுக்குறது பெரும்பாலும் 500 மில்லிகிராம்தான். அதனால இத மருந்த கொறச்சாங்கன்னு பாக்காதீங்க, கிருமிக்கு ஏத்த மருந்துக்கு போயிருக்காங்க.

பழைய_எச்ஏ:
அப்ப முதல்ல இருந்தே க்ளோக்சசிலின் போட்டிருக்க வேண்டியதுதானே தம்பி. 3 நாள் என்னத்துக்கு அந்த பெரிய மருந்து?

மருந்தறை_பாலன்:
அன்னிக்கு ராத்திரி எந்த கிருமின்னு யாருக்கும் தெரியாது அண்ணே, கல்ச்சர் வர 2, 3 நாள் ஆகும். அதுவரைக்கும் ஊகந்தான், ஆனா குருட்டு ஊகம் இல்ல. ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலயும் லேப் ஒரு டேபிள் போடும், எந்த கிருமி எந்த மருந்துக்கு எத்தன சதவீதம் அடங்குதுன்னு, அதுக்கு ஆன்டிபயோகிராம்னு பேரு. ஒரு கணக்குக்கு சொல்றேன், நெசமான நம்பர் இல்ல. ஒரு ஐ.சி.யூ.ல ஒரு வருஷம் சளியில கிராம் நெகட்டிவ்ங்கற வக கிருமி 50 வளருதுன்னு வைங்க. பைபரசிலின் டேசோபாக்டமுக்கு 36 அடங்குது, அது 72 சதவீதம். மெரோபெனத்துக்கு 41, அது 82. அந்த ராத்திரி பைபரசிலின் போட்டா நாலு பேர்ல ஒருத்தருக்கு மேல தப்பான மருந்துல 2 நாள் ஓடும். அந்த ரெண்டு நாளுக்காகத்தான் மெரோபெனம் எடுக்குறாங்க.

இதுல ஒரு பெரிய குழி இருக்கு. அதே ஆஸ்பத்திரி முழுசுக்கும் சேத்த டேபிள பாத்தா பைபரசிலின் 85ன்னு நல்லா காட்டும், ஏன்னா அதுல வார்டு மூத்திர கல்ச்சரெல்லாம் கலந்திருக்கும். ஐ.சி.யூ. சளிக்குன்னு தனியா போட்ட டேபிள்தான் வேணும். அதுலயும் ஒரே ஆளோட சளிய அஞ்சு தடவ அனுப்பியிருந்தா முதல் தடவ வந்தத மட்டும் எண்ணனும், இல்லாட்டி ஒரு கெட்ட அசினெட்டோபேக்டர் அஞ்சா தெரியும். ஒரு கிருமி 30க்கு கம்மின்னா அந்த சதவீதத்த நம்பவும் முடியாது.

ராத்திரி_டூட்டி:
நான் எம்.ஓ. பாலன் சொல்றது பேப்பர்ல அழகா இருக்கு. சின்ன ஆஸ்பத்திரியில எந்த ஐ.சி.யூ. டேபிள் 30 தாண்டுது? எங்க இடத்துல சூடோமோனாஸ் வருஷத்துக்கு பத்துப் பதினஞ்சுதான். 2 மணிக்கு ஆளுக்கு மெஷின் குடுக்குற ஆக்சிஜன் 40 சதவீதத்துல இருந்து 60க்கு ஏறிடுச்சு, நான் டேபிள தேடிட்டா இருப்பேன்? மெரோபெனம் போட்டுட்டு காலையில யோசிப்போம்.

மருந்தறை_பாலன்:
தேட வேண்டாம் டாக்டர், அது சுவத்துல ஒட்டியிருக்கணும். எண்ணிக்கை பத்தலைன்னா ரெண்டு மூணு வருஷத்த சேத்து போடுங்க, இல்லாட்டி பக்கத்துல உங்க கேஸ் போற பெரிய ஆஸ்பத்திரியோடத எடுங்க. கேள்வி கேக்காம எல்லாருக்கும் மெரோபெனம்னு போனீங்கன்னா ரெண்டு வருஷத்துல அந்த 41 முப்பதாயிடும். நம்ம ஊரு ஐ.சி.யூ. அசினெட்டோபேக்டர்ல பாதிக்கு மேல ஏற்கனவே மெரோபெனத்துக்கு அடங்கறதில்ல.

எனக்கு இந்த கேஸ்ல மெரோபெனத்து மேல சந்தேகம் இல்ல, வேன்கோமைசின் மேலதான். அமெரிக்காகாரங்க 2016 கைட்லைன்ல, அந்த யூனிட் ஸ்டாஃப்ல 10ல இருந்து 20 சதவீதத்துக்கு மேல க்ளோக்சசிலினுக்கு அடங்காத எம்.ஆர்.எஸ்.ஏ. இருந்தாலோ, அளவே தெரியலன்னாலோ போடுன்னு இருக்கு. அந்த ஐ.சி.யூ.ல எம்.ஆர்.எஸ்.ஏ. கம்மின்னா அவருக்கு அது தேவையே இல்ல, கிட்னிக்குத்தான் வேல.

ராத்திரி_டூட்டி:
அதே கைட்லைன்ல 90 நாளைக்குள்ள நரம்பு வழியா ஆன்டிபயோட்டிக் போயிருந்தாலும் எம்.ஆர்.எஸ்.ஏ.க்கு கவர் பண்ணுன்னு இருக்கு பாலன். செஃப்ட்ரியாக்சோன் போயிருக்குன்னு அந்த பொண்ணே சொல்லிடுச்சு. நீங்க உங்களுக்கு புடிச்ச வரிய மட்டும் படிக்கறீங்க.

மருந்தறை_பாலன்:
சரி, அத விட்டுட்டேன், ஒத்துக்கறேன். ஆனா ரெண்டு நாள் செஃப்ட்ரியாக்சோனுக்கு வேன்கோவா? நம்ம இடத்துல ஸ்ட்ரோக்ல சுயநினைவு இல்லாம வர்றவங்கள்ல பாதிப் பேருக்கு மேல அந்த ஊசி போயிடுது. அப்ப எல்லாருக்கும் வேன்கோன்னு ஆயிடும். மூக்குல எம்.ஆர்.எஸ்.ஏ. ஸ்வாப் எடுத்திருந்து அதுல இல்லைன்னா அடுத்த நாளே வேன்கோவ நிறுத்தியிருக்கலாம்.

ராத்திரி_டூட்டி:
ஸ்வாப் எடுத்தா அன்னிக்கே ரிசல்ட் குடுக்குற லேப் எங்க இருக்குன்னு சொல்லுங்க, நான் டிரான்ஸ்ஃபர் கேக்கறேன்.

பழைய_எச்ஏ:
நீங்க ரெண்டு பேரும் அடிச்சுக்கோங்க, என் கேள்விக்கு பதில் வரல. மெரோபெனமும் இந்த ஸ்டாஃப கொல்லுமே? கேட்டுச்சுன்னா அதையே 7 நாள் முடிச்சா என்ன கெட்டுப் போச்சு?

மருந்தறை_பாலன்:
நல்ல கேள்விண்ணே, கொல்லும். ஆனா நுரையீரல்ல இருக்கிறது ஒரு ஸ்டாஃப்தான், குடல்ல ஆயிரம் வக கிருமி இருக்கு. மெரோபெனம் அதையெல்லாம் அழிச்சுட்டு தனக்கு அடங்காத கிளெப்சியெல்லாவுக்கும் அசினெட்டோபேக்டருக்கும் இடம் விட்டுக் குடுக்கும். அவரு இன்னும் டியூப்ல இருக்காரு, அடுத்த வாரம் இன்னொரு நிமோனியா வந்தா அப்ப எதுக்கும் அடங்காத ஒண்ணு வரலாம். கிருமி பழகிடும்னு பாதியில மாத்தக்கூடாதுங்கறீங்க, இங்க பழகறது அந்த குடல் கிருமிங்கதான், பெரிய மருந்து ஓட ஓட பழகும்.

நாள் கணக்கும் புதுசா ஆரம்பிக்கறதில்ல. முதல் மருந்தும் இந்த ஸ்டாஃபுக்கு கேட்டதால அன்னிக்கே முதல் நாள். 3 ஓடிடுச்சு, நல்லா தேறிட்டு வந்தா இன்னும் 4.

மிஸ்ஸி_கலா:
பாலன், அந்த 4 நாள அவ்வளவு உறுதியா சொல்லாதீங்க. ஸ்டாஃப் ஆரியஸ் ரத்தத்துல வளந்துடுச்சுன்னா கத வேற, குறைஞ்சது 14 நாள், இதயத்துக்கு எக்கோவும் பாக்கணும். தங்கச்சி, ரத்த பாட்டில 5 நாள் வச்சிருப்பாங்க, அது முடிஞ்சதும் கேளு. அதோட காய்ச்சல மட்டும் பாக்காத, மெஷின் குடுக்குற ஆக்சிஜன் எத்தன சதவீதத்துல இருக்கு, சளி உறிஞ்சறது கொறஞ்சிருக்கான்னு கேளு. மருந்து மாத்தினப்புறம் அது திரும்ப ஏறினாதான் கவலப்படணும். இன்னொண்ணு, அடுத்த வாரம் சளியில அசினெட்டோபேக்டர்னு ஒரு பேப்பர் வந்தாலும் பயந்துடாத, ஆளு நல்லா இருந்தா அது டியூப்ல சும்மா ஒட்டிட்டு இருக்கிறதா இருக்கும், அதுக்கு மருந்து போட மாட்டாங்க.

குட்டியப்பன்:
அப்ப எங்கம்மாவுக்கு கல்ச்சரே எடுக்கலையே, அது தப்பா?

மிஸ்ஸி_கலா:
இல்லண்ணா, வீட்டுலயே பாக்குற லேசான நிமோனியாவுக்கு எடுக்க வேண்டியதில்ல. அத விடுங்கண்ணா லா.

பழைய_எச்ஏ:
எம்.எஸ்.எஸ்.ஏ. விஷயத்துல ஒத்துக்கறேன். ஆனா கல்ச்சர்ல ஒண்ணுமே வளரலன்னா? அப்பவும் மருந்த எடுத்துடுவீங்களா?

ராத்திரி_டூட்டி:
அதுலதான் நானும் பாலனும் ஒவ்வொரு ரவுண்டுலயும் அடிச்சுக்கறது. மருந்துக்கு முன்னாடி எடுத்த நல்ல சளின்னா வேன்கோவ எடுத்துடுவேன், ஆளு தேறிட்டா மெரோபெனத்தையும் இறக்குவேன். மருந்து ஓடினதுக்கு அப்புறம் எடுத்ததுன்னா அந்த பேப்பர்ல ஒண்ணும் வளரலன்னு இருக்கிறதுக்கு எனக்கு மதிப்பே இல்ல, நான் தொட மாட்டேன். அவரு தொடுவாரு.

மருந்தறை_பாலன்:
எம்.ஆர்.எஸ்.ஏ. ஒரு டோஸ்ல சளிய விட்டு காணாம போகாது டாக்டர். நான் வேன்கோவ எடுத்துடுவேன்.

பீடோர்_பொண்ணு:
இப்பதான் வந்தேன். ஆக்சிஜன் 60ல இருந்து 35க்கு வந்திருக்கு. மூக்குல ஸ்வாப் எடுத்தீங்களான்னு கேட்டதுக்கு மிஸ்ஸி என்ன ஒரு மாதிரி பாத்தாங்க. ரத்தத்துக்கு 5வது நாள் நாளான்னிக்கு, வந்ததும் போடறேன்.