புதுப்பிப்பு: படத்தில் இருந்த வெள்ளைப் பையின் அளவு தெரிந்துவிட்டது

முன்பு கேட்டது: "லாஸ்பேட்டை வீட்டு பால்கனியில் முன்பு குடியிருந்தவர் விட்டுப்போன க்ரோ பேக், படம் போட்டிருக்கிறேன். இதேபோல் நாலு வேண்டும். கடையில் என்ன அளவு சொல்லிக் கேட்பது?"

பக்கத்தில் ஒரு செங்கல் இருந்ததுதான் உதவியது. செங்கல் நீளம் ஏறக்குறைய 23 செ.மீ. படத்தில் பை அதைப்போல ஒன்றேகால் மடங்குக்குச் சற்று அதிகம், அதாவது சுமார் 30 செ.மீ. "12க்கு 12 அங்குலம்" என்று பதிலில் சொன்ன அண்ணா பாதி சரி. அகலம் அதேதான், ஆனால் பையின் வாய் வெளிப்பக்கம் மடிக்கப்பட்டிருந்தது. விரித்தால் உயரம் 40 செ.மீ.

ஆனால் கடை உறையில் 24×24×40 என்று போட்டிருந்ததால் குழம்பிவிட்டது. 24 என்பது மடித்த பையின் பக்கம். நாலு பக்கமும் சேர்ந்தால் சுற்றளவு 96 செ.மீ. மண் நிரப்பி உருண்டையானதும் குறுக்களவு 30க்கு வந்துவிடுகிறது. ஆக, படத்தில் இருப்பதும் கடையில் 24×24×40 என்று கேட்க வேண்டியதும் ஒரே பை. 35 செ.மீ. வரை நிரப்ப 25 லிட்டர் கலவை பிடிக்கும்.

நீங்களும் இப்படிப் படத்தில் அளக்க நினைத்தால், மேலிருந்து எடுத்த படத்தில் வாய் பெரிதாகத் தெரியும். செங்கல்லைப் பையோடு ஒட்டிவைத்து, பையின் பாதி உயரத்துக்குக் கேமராவை இறக்கி எடுங்கள்.

 

நெய்த இழைக் கோடுகள் தெரியாததால் இது வழவழப்பான பிளாஸ்டிக் தாள் பைதான். எத்தனை மைக்ரான் தடிமன் என்பது மட்டும் படத்தில் பிடிபடவில்லை.