சுவர் மேப்பில் வில்லாய் வளையும் விமானப் பாதை: நூல் பிடித்துப் பார்த்தவர்கள் அனுபவத்தைப் பகிருங்கள்

திருநகர் வாசகி
எங்கள் வீட்டுச் சுவரில் வழக்கமான உலக வரைபடம் இருக்கிறது, நடுவில் ஆப்பிரிக்கா, வலது ஓரத்தில் ஜப்பான். மதுரையையும் சான்பிரான்சிஸ்கோவையும் ஸ்கேல் வைத்து இணைத்தால் அரபிக்கடல், ஏமன், சகாரா, அட்லாண்டிக் என்று கோடு போகிறது. ஆனால் இந்தியாவிலிருந்து அங்கே போகும் விமானங்களை ஃபோனில் பார்த்தால் பாதை வடக்கே ஏறி, ஒரு வளைவு வளைந்து இறங்குகிறது. நேராகப் போகாமல் எதற்கு இந்தச் சுற்று? இதைச் செய்து பார்த்துப் புரிந்துகொண்டவர்கள் எப்படிச் செய்தீர்கள் என்று சொல்லுங்கள்.

பாண்டி, திருமங்கலம்
ரெண்டு காரணம்க்கா. கடலுக்கு மேல ரொம்ப நேரம் பறந்தா ஆபத்து, அதனால நிலத்தை ஒட்டிப் போவாங்க. இன்னொண்ணு பூமி சுத்துது, நாம மேல இருக்கும்போது ஊரு கீழ நகர்ந்துடும், அதுக்கு ஏத்த மாதிரி வளைச்சு ஓட்டுறாங்க. 2023 ஜூன்ல டெல்லி – சான்பிரான்சிஸ்கோ ஏர் இந்தியா விமானம் என்ஜின் கோளாறுல ரஷ்யாவோட மகதான்ல இறங்குச்சே, ஞாபகம் இருக்கா? நிலத்தை ஒட்டிப் போனதாலதான் இறங்க இடம் கிடைச்சுது.

புவியியல் டீச்சர், உசிலம்பட்டி
பாண்டி தம்பி, மகதான் நல்ல சாட்சிதான். ஆனால் நீங்கள் சொல்வதற்கு அது சாட்சி இல்லை. விமானம் சைபீரியா பக்கம் இருந்ததற்கு முதல் காரணம் அதுதான் குறுக்கு வழி என்பது. சுற்றுவது விமானம் இல்லை, வாசகி அம்மா ஸ்கேல் வைத்துப் போட்ட கோடுதான்.

வகுப்பில் இதைச் சொல்லி நம்ப வைக்க முடியாது, அளந்துதான் காட்ட வேண்டும். 8 அங்குல குளோப் ஒன்று போதும். அதன் சுற்றளவு 64 செ.மீ.க்குக் கொஞ்சம் குறைவு, ஆக 1 செ.மீ. என்றால் சுமார் 627 கி.மீ. குளோப்பைத் தாங்கியிலிருந்து கழற்றிவிடுங்கள், இல்லையென்றால் அந்த அரைவட்டக் கம்பி நூலை மறிக்கும். தையல் நூல் எடுங்கள். பூ கட்டும் நூல் முறுக்கு தளர்ந்து நீளும், அது வேண்டாம். ஒரு முனையை மதுரையில் கட்டைவிரலால் அழுத்தி, மறுமுனையை சான்பிரான்சிஸ்கோ பக்கம் இழுத்துப் பிடித்து, நூலை இடமும் வலமுமாகக் கொஞ்சம் உருட்டிவிடுங்கள். இழுக்க இழுக்க நூல் தானாக ஓர் இடத்தில் போய் உட்காரும். அதற்கு மேல் சுருங்காது. அந்த இடம்தான் பெருவட்டப் பாதை. நீளம் சுமார் 22.8 செ.மீ. வரும், அதாவது 14,300 கி.மீ.

அடுத்து, சுவர் மேப்பில் போட்ட ஸ்கேல் கோடு எந்தெந்த ஊர் வழியாகப் போகிறதோ, அதே ஊர்களின் மேல் நூலை விரலால் ஒட்டி ஒட்டிப் பிடித்து அளந்து பாருங்கள். 32 செ.மீ.க்கு மேல் போகும். கணக்குப்படி 20,300 கி.மீ.க்குச் சற்று அதிகம். பூமியில் எந்த இரண்டு இடத்துக்கும் நடுவே குறுக்கு வழி ஏறக்குறைய 20,000 கி.மீ.யைத் தாண்டாது. வாசகி அம்மாவின் "நேர்கோடு" அதைவிடவும் நீளம்!

வாசகி
டீச்சர், நூல் காத்மாண்டு பக்கம் ஏறி மேலே மேலே போகிறது. ஆனால் மேப்பில் அந்த வழியை வரைய முடியவில்லையே, எங்கே புள்ளி வைப்பது?

புவியியல் டீச்சர், உசிலம்பட்டி
நூலை எடுக்காமல் அது தீர்க்கரேகைகளை வெட்டும் இடங்களைப் படித்துக்கொள்ளுங்கள். எனக்குக் கிடைப்பவை: 80 கிழக்கில் 14.6 வடக்கு, நெல்லூர் அருகே. 85 கிழக்கில் 26, பீகார். 100 கிழக்கில் 49, மங்கோலியா. 104 கிழக்கில் 53, இர்குட்ஸ்கிலிருந்து கொஞ்சம் வடமேற்கே. 164 கிழக்கில் 69.5, கோலிமா ஆறு ஆர்க்டிக் கடலில் கலக்கும் பக்கம். அதுதான் உச்சி. பிறகு 165 மேற்கில் 66.5, அலாஸ்கா. 140 மேற்கில் 56.5. இந்தப் புள்ளிகளைச் சுவர் மேப்பில் வைத்துச் சேருங்கள், வில் வந்துவிடும். உங்கள் மேப்பில் 180 பாகை ஓரத்தில் இருப்பதால் கோடு வலது விளிம்பில் வெளியேறி இடது விளிம்பில் நுழையும். அதைப் பார்த்து இரண்டு விமானம் என்று நினைக்கிற பிள்ளைகள் வருடா வருடம் உண்டு.

இப்போது ஏன் என்பதற்கு வருவோம். மதுரையில் ஒரு பாகை தீர்க்கரேகை கிழக்கே நகர சுமார் 110 கி.மீ. பறக்க வேண்டும். கோலிமா முகத்துவாரத்தில் அதே ஒரு பாகைக்கு 39 கி.மீ. போதும், ஏனென்றால் ரேகைகள் துருவத்தை நோக்கி நெருங்கிக்கொண்டே போகின்றன. சான்பிரான்சிஸ்கோவுக்கு நாம் கிட்டத்தட்ட 160 பாகை கிழக்கே போகவேண்டும். விலை மலிவாக இருக்கும் இடத்தில் போய் வாங்குகிற மாதிரிதான் இது. சுவர் மேப்போ எல்லா ரேகையையும் ஒரே இடைவெளியில் நிறுத்தி வைத்திருக்கிறது. உச்சியில் அது இடத்தை ஏறக்குறைய மூன்று மடங்கு இழுத்துக் காட்டுகிறது, அதனால்தான் குட்டையான பகுதி நமக்குப் பெரிய சுற்றாகத் தெரிகிறது.

மெர்கேட்டர் 1569இல் இந்த மேப்பைப் போட்டது கப்பல்காரர்களுக்காக. அதில் நேர்கோடு போட்டால் திசைகாட்டி ஒரே எண்ணில் நிற்கும். தூரம் குறையும் என்று அவர் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை.

பாண்டி, திருமங்கலம்
சரி டீச்சர், கடல் விஷயத்தை விட்டுடுறேன். பூமி சுத்துறது?

பராமரிப்புப் பிரிவு, அவனியாபுரம்
காற்றும் பூமியோட சேர்ந்தேதான் சுத்துது அண்ணே. ஓடுற பஸ்ஸுக்குள்ள ஈ பறக்கிற மாதிரி. விமானத்துக்குக் கணக்கு மேல அடிக்கிற காற்றுதான், முக்கியமா மேற்கிலிருந்து கிழக்கே ஓடுற ஜெட் காற்று. 2016ல ஏர் இந்தியா டெல்லி – சான்பிரான்சிஸ்கோ விமானத்தை அட்லாண்டிக் பக்கத்திலிருந்து பசிபிக் பக்கத்துக்கு மாத்துனாங்க. தூரம் சுமார் 1,400 கி.மீ. கூடுச்சு, ஆனா காற்று பின்னாலிருந்து தள்ளுனதால நேரம் குறைஞ்சுது. அதனால ஃபோன்ல பார்க்கிற கோடு டீச்சரோட நூல் மேலயே இருக்கும்னு எதிர்பார்க்காதீங்க.

டீச்சர் சொன்ன வழியில ஒரு விமானமும் அப்படியே போகாது, அதுக்கு இன்னொரு காரணம் திபெத். கேபின்ல அழுத்தம் போயிட்டா விமானம் உடனே 10,000 அடிக்கு, அதாவது 3,000 மீட்டர் பக்கம் இறங்கணும். பயணிகள் தலைக்கு மேல தொங்குற மாஸ்க்ல பெரும்பாலும் கால் மணி நேரத்துக்குத்தான் ஆக்சிஜன். திபெத் பீடபூமியோட சராசரி உயரமே 4,500 மீட்டர். இறங்க முடியாது, இறங்காம இருக்கவும் முடியாது. அதனால அந்தப் பக்கத்தைச் சுத்திக்கிட்டுப் போவாங்க. 2022க்கு அப்புறம் அமெரிக்க நிறுவனங்களுக்கு ரஷ்ய வான்வெளியும் இல்லை. நூல் காட்டுறது கீழ் வரம்பு. அதுக்கு மேல எவ்வளவு கூடும்ங்கிறது காத்தையும் நாட்டையும் பொறுத்தது.

முத்துலட்சுமி, மேலூர்
எனக்கும் இதே சந்தேகம். மதுரை – சென்னை விமானம் கூட ஃபோனில் கிழக்கே போய் வளைந்துதான் வடக்கே திரும்புகிறது. அதுவும் பெருவட்டமா?

பராமரிப்புப் பிரிவு, அவனியாபுரம்
இல்லக்கா, அது வேற. மதுரை ஓடுதளம் கிழக்கு மேற்கா கிடக்கு. கிழக்க பார்த்து ஏறினா அப்புறம்தான் வடக்கே திரும்ப முடியும். இவ்வளவு கிட்டத்து ஊருக்குப் பெருவட்டமும் மேப் கோடும் ஒண்ணுதான். சிங்கப்பூருக்குக்கூட வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது, பூமத்திய ரேகைப் பக்கம்ங்கிறதால.

கணக்குப் பிள்ளை, சிம்மக்கல்
குளோப் இல்லாதவர்கள் எக்செல்லில் பார்க்கலாம். B1, C1இல் மதுரையின் அட்சம், தீர்க்கம் (9.83, 78.09). B2, C2இல் சான்பிரான்சிஸ்கோ (37.62, -122.38).

```
=6371*ACOS(SIN(RADIANS(B1))*SIN(RADIANS(B2))+COS(RADIANS(B1))*COS(RADIANS(B2))*COS(RADIANS(C2-C1)))
```

விடை 14,300க்குச் சற்று மேல் வரவேண்டும். 5,400 பக்கம் வந்தால் மேற்குத் தீர்க்கத்துக்கு மைனஸ் போட மறந்துவிட்டீர்கள். அப்போது நீங்கள் போய்ச் சேர்வது சீனாவின் வெய்ஹாய் அருகே கடலில். இன்னொரு தவறு பார்த்துக் கண்டுபிடிப்பது கடினம்: மதுரை 9 பாகை 50 நிமிடம் என்று இருந்தால் 9.50 என்று அடிப்பது. 50ஐ 60ஆல் வகுத்து 9.83 என்றுதான் எழுத வேண்டும். தூரத்தில் சில பத்து கி.மீ. மட்டும் மாறும், அதனால் யாருக்கும் சந்தேகமே வராது.

வாசகி
புள்ளிகளைச் சேர்த்துவிட்டேன், வில் வந்தது. ஒன்று மட்டும் இடிக்கிறது. மதுரையில் நூல் கிட்டத்தட்ட வடக்கே பார்த்துப் புறப்படுகிறது, சான்பிரான்சிஸ்கோவில் கிட்டத்தட்ட தெற்கே பார்த்து முடிகிறது. விமானி எங்கே திருப்பினார்?

புவியியல் டீச்சர், உசிலம்பட்டி
எங்கேயும் இல்லை. மதுரையில் வடக்கிலிருந்து 21 பாகை கிழக்கே சாய்ந்து புறப்படுகிறது, கோலிமா பக்கம் சரியாகக் கிழக்கு, சான்பிரான்சிஸ்கோவில் 154. எண் மாறிக்கொண்டே போகிறது, ஆனால் நூலில் மடிப்பு இல்லை பாருங்கள். திசையின் எண்ணை நாம் வடதுருவத்தை வைத்து எண்ணுகிறோம். விமானம் துருவத்தை இடது கைப்பக்கம் வைத்துக்கொண்டு கடந்து போகிறது, அதனால் எண் மாறுகிறது.

பாண்டி, திருமங்கலம்
அப்ப தெற்கே இருக்கிற ஊர்களுக்கு? சிட்னியிலிருந்து சிலிக்குப் போறதும் வடக்கேதான் வளையணுமா?

புவியியல் டீச்சர், உசிலம்பட்டி
அது தெற்கே வளையும் தம்பி, அண்டார்டிகா பக்கம். அங்கே ரேகைகள் நெருங்குவது தென்துருவத்தை நோக்கி. நிலத்தை ஒட்டிப் போவார்கள் என்றீர்களே, அந்த வழியில் நிலமே கிடையாது.

முத்துலட்சுமி, மேலூர்
பிள்ளையின் குளோப்பில் நூல் பிடித்துப் பார்த்தோம். டீச்சர் சொன்ன 8 அங்குலம்தான். ஆனால் 22.2 செ.மீ.தான் வருகிறது. நூல் காத்மாண்டு பக்கத்தில் இல்லை, எவரெஸ்ட் மேலேயே போகிறது. மூன்று தடவை இழுத்தும் அப்படித்தான். குளோப் தப்பா?

கணக்குப் பிள்ளை, சிம்மக்கல்
உங்கள் குளோப்பில் மதுரை என்று எழுதியிருக்கிறதா அம்மா? சின்ன குளோப்களில் பெரும்பாலும் இருக்காது, பிள்ளைகள் சென்னைப் புள்ளியில் விரலை வைத்துவிடுவார்கள். சென்னையிலிருந்து கணக்குப் போட்டேன்: 13,900 கி.மீ., உங்கள் குளோப்பில் 22.2 செ.மீ. இமயத்தைக் கடக்கும் இடம் 28 வடக்கு, 87 கிழக்கு. எவரெஸ்டேதான்.

முத்துலட்சுமி, மேலூர்
ஆமாம், சென்னையில்தான் வைத்திருக்கிறான்.