பெல்ட் குழாய் திருப்பும்போது பாதியில் சிக்குவது: உங்கள் அனுபவம் எழுதுங்க

கீழக்கரை:
அபாயாவுக்குக் கட்டுற பெல்ட். கருப்பு கிரேப், 72 இஞ்ச் நீளம், முடிஞ்ச அகலம் அரை இஞ்ச். துணியை 2 இஞ்ச் பட்டையா வெட்டி, நல்ல பக்கம் உள்ளே வர மடிச்சு, அரை இஞ்ச் உள்ளே தள்ளி நெடுகத் தச்சாச்சு. ஊக்கு குத்தித் திருப்பினா 10 இஞ்ச் ஓடுச்சு, அப்புறம் நகரவே இல்லை. துணி மொத்தமும் ஒரே இடத்தில் சுண்டெலி மாதிரி உருண்டு நிக்குது. இழுத்தா ஊக்குத் துளை கிழியுது, விட்டா திரும்ப உள்ளே போகுது. உருண்ட அந்த இடத்தைத் தடவிப் பார்த்தா உள்ளே கயிறு வச்சுத் தைச்ச மாதிரி கெட்டியா இருக்கு. இத்தனைக்கும் துணி மெல்லிசு. ஏன்?

தேவிபட்டினம்:
நாடா கோர்க்கிறதுக்கு ஊக்கை மூடி, மேலே ஒரு சுத்து டேப் ஒட்டுங்க. பாவாடை மடிப்புக்குள்ளே ஊக்கு திறந்துக்காது. நாடாவோட இன்னொரு முனையில் பெரிய முடிச்சுப் போட்டா உள்ளே போய்த் தொலையாது.

ராமநாதபுரம் டெய்லர்:
தேவிபட்டினம் அக்கா சொல்றது பாவாடைக்கு நாடா போடுற வேலை. இவங்க கேக்குறது குழாயையே உள்ளே வெளியே திருப்புறது.

லாத்தா, தப்பு ஊக்கில் இல்லை, உள்ளே விட்ட துணியில் இருக்கு. குழாயோட உள்ளகலம் அரை இஞ்ச், தையலுக்கு வெளியே நீங்க விட்ட பிடிப்பும் அரை இஞ்ச். திரும்பின பாகம் திரும்பாத பாகத்துக்குள்ளே போகும்போது, தன் ரெண்டு மடிப்போட பிடிப்போட ரெண்டு மடிப்பையும் சேர்த்துச் சுமந்துக்கிட்டுப் போகணும். அரை இஞ்ச் வழியில் நாலு மடிப்பு. அதுதான் நீங்க தடவிப் பார்த்த "கயிறு".

இப்போ உள்ளதைக் காப்பாத்தலாம். திரும்பின 10 இஞ்சை மெதுவா பின்னாடி வாங்குங்க. பிடிப்பை ஒன்றரை நூல் விட்டு நெடுக வெட்டுங்க, ஒரு நூல்னா அரைக்கால் இஞ்ச். கிரேப் பிரியும், அதனால் ஒரு நூலுக்குக் கீழே போக வேண்டாம். காட்டன்னா ஒரு நூல் தாராளம். வெட்டினதும் தையலை ரெண்டு பக்கமும் கொஞ்சம் இழுத்துப் பாருங்க. தையல் பிளக்கிற இடம் இருந்தா, திருப்புறதுக்கு முன்னாடியே அதை மறுபடி ஓட்டுங்க. அடுத்த பெல்ட்டுக்கு பட்டையை ஒன்றரை இஞ்ச் வெட்டி, ரெண்டு நூல் பிடிப்பில் தைங்க. தையலும் நெருக்கமா, இஞ்சுக்கு 12 முதல் 14 இருக்கணும். தூரத் தையல் இழுக்கும்போது இடைவெளி விடும்.

இன்னொன்னு, முதல் ஒரு இஞ்ச்தான் எப்பவும் கஷ்டம். அங்கே தையலை ஓரத்துக்குப் பக்கத்தில், ஒரு நூலில் ஆரம்பிச்சு, மெல்ல ரெண்டு நூலுக்குக் கொண்டு வாங்க. வாய் அகலமாகி, துணி தானா உள்ளே மடங்கும். கடைசியில் அந்தப் பக்கத்தை வெட்டி உள்ளே மடக்கிக்கலாம்.

ஏர்வாடி:
நூல் போக்குக்குச் சாய்வா, கிராஸ்ல வெட்டினா பிரச்சினையே இல்லை. கிராஸ் துணி இளகும், எவ்வளவு குறுகலான குழாயும் வழுக்கிக்கிட்டு திரும்பும். எல்லாத்துக்கும் கிராஸ்தான்.

ராமநாதபுரம் டெய்லர்:
பாதி சரி. தோள் பட்டைக்கும் ரவிக்கை நாடாவுக்கும் கிராஸ் அருமை. ஆனா இடுப்பைச் சுத்திக் கட்டுற 72 இஞ்ச் பெல்ட்டை கிராஸ்ல வெட்டினா, ஒரு மாசத்தில் நீண்டு ஒல்லியாகித் தொங்கும். கிராஸ்ல தைக்கும்போது துணியைக் கொஞ்சம் இழுத்துப் பிடிச்சுத் தைக்கலைன்னா, திருப்புறப்போ துணி நீளும், நூல் நீளாது. 'டப்'னு தெறிக்கும். பெல்ட்டுக்கும் லூப்புக்கும் நேர் நூல் போக்கில்தான் வெட்டணும்.

பாம்பன்:
ஊக்கு எதுக்கு? தங்கூசி, அதான் மீன் பிடிக்கிற நைலான் நரம்பு, எடுத்துக்கோங்க. பட்டையை மடிக்கும்போதே மடிப்பு ஓரத்தில் தங்கூசியைப் படுக்க வச்சு, ஒரு முனையில் குறுக்கே நாலைந்து தடவை தையல் போட்டுப் பிடிச்சுடணும். அப்புறம் நெடுகத் தைக்கும்போது ஊசி அதில் படாம பார்த்துக்கணும். தச்சு முடிச்சதும் வெளியே நீட்டிக்கிட்டிருக்கிற முனையை இழுத்தா, தச்ச பக்கம் உள்ளே போய் மறுபக்கம் வெளியே வரும். கால் இஞ்ச் குழாய்க்கு இதைவிட நல்ல வழி கிடையாது. சில பேர் ஜூஸ் குடிக்கிற ஸ்ட்ராவை உள்ளே விட்டுத் திருப்புவாங்க, அது எல்லாம் கால் இஞ்சுக்குள்ளே போகாது.

மண்டபம்:
பாம்பன் அண்ணே, தங்கூசி வழுவழுன்னு இருக்கிறதால குறுக்குத் தையலைவிட்டு நழுவும். சன்ன தங்கூசி உள்ளங்கையை அறுக்கும், மெல்லிசு துணியையும் அறுக்கும். பருத்திக் கயிறு சொரசொரப்பு, அதனால் தையல் பிடிக்கும். தங்கூசிதான் வேணும்னா முனையை ரெண்டா மடக்கி அந்த வளையத்துக்குள்ளே தையல் போடுங்க. இழுக்கும் முனையை ஒரு பென்சிலில் சுத்திப் பிடிங்க.

ஊக்கைப் பத்தி ஒன்னு. இங்க கடல் காத்தில் ஊக்கு ஒரு மழைக்காலம் தாண்டாது, துருப் பிடிக்கும். துருப்பிடிச்ச ஊக்கு வெள்ளைத் துணிக்குள்ளே 36 இஞ்ச் ஊர்ந்து போனா வழி நெடுக பழுப்புக் கோடு விழும். கொக்கி வச்ச திருப்புற கம்பியும் அப்படித்தான். முனைக் கொக்கியில் துரு சொரசொரத்தா இழையை இழுக்கும். கொக்கி நழுவுதுன்னு சொல்றவங்க கவனிங்க. கம்பியைப் பின்னாடி தள்ளினீங்கன்னா கொக்கியோட மூடி திறந்துடும், துணி கழண்டுடும். இழுக்கிற பிடியைத் தளர்த்தாம ஒரே போக்கில் வாங்கணும்.

பாம்பன்:
வளையம் போடுறது சரிதான். ஆனா பருத்திக் கயிறு குழாய்க்குள்ளே இடத்தை அடைக்குமே? கால் இஞ்சில் அது தடை. இதை நான் ஒத்துக்க மாட்டேன்.

தொண்டி:
நான் லூப்புக்கு மட்டும் சொல்றேன், ஆனா கொஞ்சம் நீளமா. பெல்ட் லூப்புக்குக் குழாய் திருப்பவே வேண்டாம். கெட்டித் துணி, ஜீன்ஸ், கேன்வாஸ் எதுவும் அரை இஞ்சில் திரும்பாது. கஷ்டப்பட்டுத் திருப்பினாலும் ஓரம் உருண்டையா வரும், பெல்ட் வழுக்காது.

துணியோட கரை ஓரத்திலிருந்து, லூப் அகலத்தைப்போல மூணு மடங்கு பட்டை வெட்டுங்க. அரை இஞ்ச் லூப்புக்கு ஒன்றரை இஞ்ச். கரை இல்லாத பக்கத்தை முதலில் உள்ளே மடக்கி, அதுக்கு மேலே கரையை மடக்குங்க. கரை பிரியாது, அதனால் அதை இன்னொரு தடவை மடக்க வேண்டியதில்லை. ஓரத்திலிருந்து ஒரு நூல் விட்டு ரெண்டு பக்கமும் நேர் தையல் ஓட்டினா முடிஞ்சது. 5 லூப்புக்கு ஒவ்வொன்னும் 3 இஞ்ச்னு கணக்குப் போட்டு, 15 இஞ்சோட ஒன்னு ரெண்டு இஞ்ச் கூட வச்சு ஒரே பட்டையா தச்சுட்டு, அப்புறம் துண்டு போடுங்க. தனித்தனியா தச்சா அஞ்சும் அஞ்சு அகலத்தில் வரும். கரை கிடைக்கலைன்னா நாலு மடங்கு பட்டை வெட்டி, ரெண்டு ஓரத்தையும் நடுவுக்கு மடக்கி, மறுபடி பாதியா மடக்கி, திறந்த பக்கத்தில் தைங்க. நாலு மடிப்பு, அதனால் ஜீன்ஸுக்குத் தடிக்கும். இஸ்திரி போட்டு நசுக்கிட்டுத்தான் மெஷினில் வைக்கணும்.

கீழக்கரை:
தொண்டிக்காரவுக சொன்னது லூப்புக்கு எடுத்துக்கிறேன். பெல்ட்டுக்குத் திருப்பித்தான் ஆகணும், அபாயாவில் மேல் தையல் தெரியக்கூடாது.

பிடிப்பை ஒன்றரை நூலுக்கு வெட்டியாச்சு. ரெண்டு முனையும் மூடித் தச்சு, நடுவில் 3 இஞ்ச் தையலைப் பிரிச்சு, அங்கிருந்து ரெண்டு பக்கமும் திருப்பினதில் ஒவ்வொரு பக்கமும் 36 இஞ்ச்தான். ஸ்ட்ராவை உள்ளே விட்டு, மூடின முனையை ஒரு மெல்லிய குச்சியால் ஸ்ட்ராவுக்குள்ளே தள்ளினா துணி ஸ்ட்ரா மேலே சுருங்கிச் சுருங்கி, நடுவழியா வெளியே வருது. ஸ்ட்ரா சுமார் 6 மில்லி தடிமன். கிரேப்புக்குப் போதுது. அதே ஸ்ட்ராவில் பாப்ளின் பெல்ட்டை வச்சா சுருக்கம் கனத்து அடைக்குது.

கொஞ்சம் கோணல் வருது. திருப்பி முடிச்ச பிறகு தையல் கோடு பெல்ட்டைச் சுத்திக்கிட்டே போகுது. நடுவில் ஒரு திருப்பம், கடைசியில் இன்னொரு திருப்பம்.

ராமநாதபுரம் டெய்லர்:
தள்ளும்போது கை குச்சியைத் திருகியிருக்கும். இஸ்திரிக்கு முன்னாடி முனையை ரெண்டு கையிலும் பிடிச்சு, விரலுக்கு நடுவில் உருட்டித் தையலை ஒரு ஓரத்துக்குக் கொண்டு வாங்க. 4 இஞ்ச், 4 இஞ்சா ஊசி குத்திக்கிட்டே போங்க. அதுக்கப்புறம் இஸ்திரி. திருகலோட ஒரு தடவை இஸ்திரி போட்டுட்டா கிரேப்பில் அந்த மடிப்பை எடுக்கிறது பெரும்பாடு.

ஏர்வாடி:
நேர் போக்கில் வெட்டின பாப்ளினை ஸ்ட்ரா இல்லாம எப்படித் திருப்புறதுன்னு யாரும் சொல்லலையே?

பாம்பன்:
தங்கூசி.

மண்டபம்:
கயிறு.